வட்டி தரையைத் தொட்ட பிறகு: ஜப்பான் வங்கி, 1999–2006



ஒரு நாட்டின் ஏழு ஆண்டுகளை மையமாக எடுத்துக்கொண்டு இன்று பேச நினைக்கிறேன். நாடு ஜப்பான். காலம் 1999 பிப்ரவரி முதல் 2006 கோடை வரை. பொருளாதாரம் படித்தவர்களுக்கு நீர்மைப் பொறி என்ற பெயர் புதிதல்ல. பாடப் புத்தகத்தில் ஒரு வளைகோடு இடமிருந்து வலமாகச் சரிந்து வந்து, கடைசியில் தரையோடு தரையாகப் படுத்துவிடும். பக்கத்தில் நாலு வரி விளக்கம் இருக்கும். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்தக் கோடு படுத்துவிட்ட நாட்டில் ஒரு மத்திய வங்கி காலையில் கதவைத் திறந்து என்ன செய்தது, செய்தது ஏன் எட்டவில்லை என்பதை அந்த நாலு வரி சொல்வதில்லை.

1936இல் கெய்ன்ஸ் தம் 'பொதுக் கோட்பாடு' நூலில் இதைப் பற்றி எழுதினார். வட்டி ஓர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால், மக்கள் கடன் பத்திரத்தை வைத்துக்கொள்வதைவிட ரொக்கத்தை வைத்துக்கொள்வதே மேல் என்று நினைத்துவிடலாம். அப்போது மத்திய வங்கி எவ்வளவு பணத்தை இறக்கினாலும் வட்டி நகராது என்பது அவர் சொன்னதன் சாரம். அப்படி நடந்த உதாரணம் எதுவும் தமக்குத் தெரியவில்லை என்றும் அவரே எழுதிவைத்தார். பிறகு அறுபது ஆண்டுகள் பெரும்பாலான பொருளாதார அறிஞர்கள் இதை 1930களோடு முடிந்துபோன விஷயமாகவே நினைத்தார்கள். ஜப்பான் அவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

முதலில், சாதாரண நாட்களில் வட்டிக் குறைப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒவ்வொரு வங்கிக்கும் மத்திய வங்கியில் ஒரு நடப்புக் கணக்கு உண்டு. சட்டப்படி வைக்க வேண்டிய ரிசர்வ் அதில்தான் இருக்கும். ஒரு வங்கியிடம் அன்றைக்குப் பணம் மிச்சம் இருக்கும்; இன்னொன்றிடம் குறையும். மிச்சமுள்ள வங்கி குறைந்த வங்கிக்கு ஒரே இரவுக்குக் கடன் கொடுக்கும். இதற்குப் பெயர் கால் மார்க்கெட். அங்கே நிலவும் ஓரிரவு வட்டிதான் மத்திய வங்கியின் பிடியில் இருக்கும் கடிவாளம். மத்திய வங்கி வங்கிகளிடமிருந்து குறுகிய காலப் பத்திரங்களை வாங்கும். அதற்கான தொகையை அவற்றின் நடப்புக் கணக்கில் வரவு வைக்கும். பணம் பெருகினால் ஓரிரவு வட்டி இறங்கும். அது இறங்கினால் மூன்று மாத வட்டி, ஓராண்டு வட்டி, தொழில் கடன், வீட்டுக் கடன் என்று ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். இதில் முதல் கண்ணி எங்கிருந்து விசை பெறுகிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

கணக்காகவே பார்ப்போம். மத்திய வங்கி ஒரு வங்கியிடமிருந்து 100 கோடி யென் மதிப்புள்ள அரசுப் பத்திரத்தை வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்த வங்கியிடம் பத்திரம் இல்லை. நடப்புக் கணக்கில் 100 கோடி யென் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஜப்பான் வங்கி நடப்புக் கணக்குக்கு வட்டி கொடுத்ததில்லை. சந்தை வட்டி 6 சதவீதம் என்றால், பணத்தைச் சும்மா வைத்திருப்பதால் வங்கிக்கு ஆண்டுக்கு 6 கோடி யென் நஷ்டம். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,64,000 யென். எந்தக் கருவூல மேலாளரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். அன்று மாலைக்குள் அதை யாருக்காவது கடனாகக் கொடுத்துவிடப் பார்ப்பார். எல்லா வங்கியும் அப்படிக் கிளம்பினால்தான் வட்டி இறங்கும். அதாவது சும்மா கிடக்கும் பணத்தின் வலியால்தான் இந்த இயந்திரம் ஓடுகிறது.

இதே 100 கோடியை வட்டி 0.02 சதவீதமாக இருக்கும் நாளில் பாருங்கள். சும்மா வைத்திருந்தால் ஒரு நாள் நஷ்டம் 548 யென். ஜப்பானில் 2001க்குப் பிறகு ஓரிரவு வட்டி 0.001 சதவீதம் வரைக்கும் போனது. அப்போது ஒரு நாள் நஷ்டம் 27 யென். கால் மார்க்கெட்டில் கடன் கொடுக்க வேண்டுமானால் தரகு நிறுவனத்துக்குக் கட்டணம் உண்டு, பணம் மாற்றும் செலவு உண்டு, கணக்கெழுதும் ஆள் சம்பளம் உண்டு. 27 யென்னுக்கு யார் மெனக்கெடுவார்கள்? பணம் கணக்கிலேயே கிடந்தது. வங்கிகளின் கால் மார்க்கெட் பிரிவுகளில் ஆட்கள் குறைந்தார்கள். அந்தச் சந்தையே வற்றிப்போனது.

இதுதான் பொறியின் மையம். வட்டி பூஜ்யத்தை ஒட்டி வந்துவிட்டால், குறுகிய காலப் பத்திரமும் ரொக்கமும் வங்கியின் கண்ணுக்கு ஒரே பொருள். இரண்டுமே பாதுகாப்பானவை, இரண்டுமே வட்டி தராதவை. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதைக் கொடுத்தால் எவர் நிலையும் மாறாது. மாறாத நிலையில் எவரும் புதிதாக எதையும் செய்யப் போவதில்லை. பணம் போதாததால் வந்த முடக்கம் இல்லை இது. வாங்குவதற்கும் விற்பதற்கும் வித்தியாசம் அற்றுப்போனதால் வந்த முடக்கம்.

வட்டியைப் பூஜ்யத்துக்கும் கீழே தள்ளினால் என்ன என்று கேட்கலாம். கொஞ்ச தூரம் தள்ளலாம். ஐரோப்பாவிலும் பிறகு ஜப்பானிலும் தள்ளியிருக்கிறார்கள். ஆனால் ரொக்க நோட்டு என்று ஒன்று இருக்கும்வரை அதிகம் தள்ள முடியாது. வங்கியில் போட்ட பணத்திலிருந்து ஆண்டுதோறும் 3 சதவீதம் கழித்துக்கொள்வோம் என்றால், ஜனங்கள் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்வார்கள். ஜப்பானில் இதற்கென்றே 'தான்சு யோகின்' என்ற வழக்கு உண்டு. துணி அலமாரியில் வைக்கும் சேமிப்பு. 2000களின் தொடக்கத்தில் பெரிய வங்கிகளின் சாதாரண சேமிப்புக் கணக்கில் 10 லட்சம் யென் போட்டால் ஆண்டு முழுவதும் கிடைத்த வட்டி 10 யென். வேலை நேரத்துக்குப் பிறகு ஏடிஎம்மில் ஒருமுறை பணம் எடுத்தாலே நூறு யென்னுக்கு மேல் கட்டணம் போய்விடும். அந்த நிலையில் அலமாரி ஒன்றும் மோசமான இடமில்லை.

ஜப்பான் இந்த இடத்துக்கு எப்படி வந்தது? 1980களின் கடைசியில் பங்கு விலையும் நில விலையும் கண்மண் தெரியாமல் ஏறின. நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரின் கடைசி வர்த்தக நாளில் 38,900ஐத் தாண்டியது. ஜப்பான் வங்கி தன் தள்ளுபடி வட்டியை 2.5 சதவீதத்திலிருந்து படிப்படியாக உயர்த்தி 1990 ஆகஸ்டில் 6 சதவீதமாக்கியது. குமிழி வெடித்தது. 1991 ஜூலையில் குறைக்கத் தொடங்கி, 1995 செப்டம்பரில் அரை சதவீதத்துக்கு வந்துவிட்டார்கள். ஐந்தரைப் புள்ளி குறைத்தும் பொருளாதாரம் எழவில்லை. நிலத்தை அடமானமாக வைத்து வாங்கிய கடன்கள் வராக்கடனாக வங்கிகளின் கழுத்தில் தொங்கின. 1997 நவம்பரில் ஹொக்கைதோ தகுஷோக்கு வங்கியும், யமாய்ச்சி பங்கு நிறுவனமும் ஒரே மாதத்தில் விழுந்தன. விலைவாசி இறங்கத் தொடங்கியது. 1999 பிப்ரவரியில், மசாரு ஹயாமி ஆளுநராக இருந்தபோது, ஜப்பான் வங்கி ஓரிரவு வட்டியை முடிந்தவரை பூஜ்யத்துக்கு அருகே கொண்டுபோவது என்று முடிவெடுத்தது.

அந்த ஏப்ரலிலேயே ஹயாமி இன்னொன்றும் சொன்னார். பணவாட்ட அச்சம் நீங்கும் என்ற நிலை வரும்வரை பூஜ்ய வட்டி தொடரும் என்றார். இந்தச் சொல் முக்கியமானது. இன்றைய ஓரிரவு வட்டி ஏற்கெனவே பூஜ்யம். அதில் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் ஐந்தாண்டுக் கடனின் வட்டி, அடுத்த ஐந்தாண்டுகளில் ஓரிரவு வட்டி எப்படி இருக்கும் என்ற எதிர்பார்ப்பில்தான் நிற்கிறது. ஆகவே நாளைக்கும் மறுநாளைக்கும் வட்டி பூஜ்யமாகவே இருக்கும் என்று நம்ப வைத்தால், இன்றைக்கே நீண்ட கால வட்டி இறங்கும். கையில் மிச்சமிருந்த கருவி ஒரு வாக்குறுதி மட்டுமே.

அந்த வாக்குறுதி 2000 ஆகஸ்ட் 11இல் கூடிய ஜப்பான் வங்கியின் கொள்கைக் குழுவில் உடைந்தது. இந்த ஒரு கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்து, பூஜ்யத்தில் நிற்கும் மத்திய வங்கி எப்படித் தன் கருவியைத் தானே முறித்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. அப்போது வளர்ச்சி கொஞ்சம் தலைகாட்டியிருந்தது. தகவல் தொழில்நுட்பத் துறையில் முதலீடு பெருகியிருந்தது. ஆனால் நுகர்வோர் விலைகள் அப்போதும் இறங்கிக்கொண்டுதான் இருந்தன. ஹயாமிக்குப் பூஜ்ய வட்டி என்பதே இயல்புக்கு மாறான ஒன்று. அது நீடித்தால் நொடித்துப்போக வேண்டிய நிறுவனங்கள் நொடிக்காமல் இழுத்துக்கொண்டே போகும், சீர்திருத்தம் தள்ளிப்போகும் என்று அவர் அஞ்சினார். விரைவில் உயர்த்த வேண்டும் என்று பல மாதங்களாகவே வெளிப்படையாகப் பேசி வந்தார். ஜூலையில் சோகோ பல்பொருள் அங்காடி நிறுவனம் திவாலானதால் ஒரு மாதம் ஒத்திப்போட்டார்கள், ஆகஸ்டில் விடவில்லை.

அன்றைய கூட்டத்தில் கலந்துகொண்ட அரசுப் பிரதிநிதிகள், வாக்கெடுப்பை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்குமாறு முறைப்படி கேட்டார்கள். புதிய ஜப்பான் வங்கிச் சட்டம் அவர்களுக்குக் கொடுத்திருந்த உரிமை அது. குழு அதை நிராகரித்தது. வட்டி 0.25 சதவீதமாக உயர்ந்தது. ஒன்பது பேரில் இருவர் எதிர்த்து வாக்களித்தார்கள். ஒருவர் நொபுயுகி நகஹாரா. மற்றவர் டோக்கியோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பொருளாதாரப் பேராசிரியர் கஸுவோ உவேதா.

கால் சதவீதம் பெரிய தொகையா என்று தோன்றலாம். ஆனால் சந்தை அன்று படித்தது கால் சதவீதத்தை அல்ல. விலைகள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே இந்த வங்கி உயர்த்தக்கூடியது என்ற செய்தியைப் படித்தது. அமெரிக்காவில் தொழில்நுட்பப் பங்குகள் சரிந்தன. ஜப்பானின் ஏற்றுமதி சரிந்தது. தொழில் உற்பத்தி சரிந்தது. 2001 பிப்ரவரி கடைசியில் வட்டியை 0.15க்கு இறக்கினார்கள். மார்ச் 19இல் வட்டியை விட்டுவிட்டுப் பணத்தின் அளவையே இலக்காக வைத்தார்கள். ஏழே மாதத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்தாயிற்று. இப்போது வாக்குறுதியின் மதிப்பு குறைந்திருந்தது.

மார்ச் 19 முடிவு இதுதான். வங்கிகளின் நடப்புக் கணக்கில் மொத்தம் எவ்வளவு பணம் கிடக்க வேண்டும் என்று ஜப்பான் வங்கி ஒரு தொகையை நிர்ணயிக்கும். சட்டப்படி தேவைப்பட்ட ரிசர்வ் ஏறத்தாழ 4 லட்சம் கோடி யென். இலக்கை 5 லட்சம் கோடியில் தொடங்கினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அது 10 முதல் 15 லட்சம் கோடி ஆனது. 2004 ஜனவரியில் 30 முதல் 35 லட்சம் கோடி. தேவையைப் போலப் பல மடங்கு பணம் வங்கிகளின் கணக்கில் நின்றது. இது அளவுசார் தளர்வு என்று பெயர் பெற்றது. 2008க்குப் பிறகு மற்ற நாடுகள் செய்தவற்றுக்கெல்லாம் ஒருவகையில் ஒத்திகை.

பணத்தைக் கொடுப்பது எவ்வளவு சிரமமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பான் வங்கி பத்திரங்களை வாங்க ஏலம் அறிவிக்கும். இவ்வளவு கோடி யென் தருகிறோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் அறிவிப்பு. பல நாட்களில் அறிவித்த தொகைக்குக் கேட்பாரில்லை. வந்த விண்ணப்பங்களைக் கூட்டிப் பார்த்தால் தொகை நிரம்பாது. மத்திய வங்கி பணத்தை நீட்டுகிறது. எதிரே வாங்க ஆளில்லை. அதனால் மூன்று மாதம், ஆறு மாதம், அதற்கும் மேல் என்று கடன் காலத்தை நீட்டினார்கள். மாதந்தோறும் வாங்கும் நீண்ட கால அரசுப் பத்திரத்தின் அளவை 40,000 கோடி யென்னிலிருந்து படிப்படியாக 1.2 லட்சம் கோடியாக உயர்த்தினார்கள். நோயின் அறிகுறி எது என்று ஒருவர் கேட்டால் நான் இந்த ஏலங்களைத்தான் காட்டுவேன். வட்டி குறைவாக இருக்கிறது என்பது மட்டும் பொறியின் அடையாளம் ஆகாது. கூடுதல் பணத்துக்கு எவரும் எந்த விலையும் தரத் தயாராக இல்லை என்பதே அடையாளம்.

2002 வசந்தத்தில் ஜப்பானின் அடிப்படைப் பணம், அதாவது நோட்டும் மத்திய வங்கியில் கிடக்கும் கணக்கும் சேர்ந்தது, ஓராண்டில் 30 சதவீதத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. அதே மாதங்களில் வங்கிகள் கொடுத்திருந்த கடனின் மொத்தத் தொகை சுருங்கிக்கொண்டே வந்தது. பாடப் புத்தகத்தில் இவை இரண்டும் கைகோத்துப் போகும். இங்கே எதிரெதிராக நடந்தன.

கடன் ஏன் வளரவில்லை? இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. வங்கிகள் வராக்கடனில் மூழ்கியிருந்ததால் புதிதாகக் கொடுக்கத் துணியவில்லை என்பது ஒன்று. கடன் வாங்கவே நிறுவனங்கள் வரவில்லை என்பது மற்றது. இந்த இரண்டாவதை வலியுறுத்தியவர் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் கூ. குமிழிக் காலத்தில் வாங்கிய சொத்தின் மதிப்பு போய்விட்டது, கடன் மட்டும் அப்படியே நிற்கிறது. லாபம் வந்தால் முதலில் கடனை அடைக்கத்தான் பார்ப்பார்கள். வட்டி பூஜ்யம் என்பதற்காகப் புதிய ஆலை கட்ட மாட்டார்கள் என்பது அவர் வாதம். 1990களின் கடைசியிலிருந்து ஜப்பானிய நிறுவனங்கள் மொத்தமாகப் பார்த்தால் கடன் வாங்குவோராக இல்லாமல் சேமிப்போராகவே மாறிவிட்டன. ஆகவே அந்த நாட்டின் துயரம் முழுவதையும் நீர்மைப் பொறியின் தலையில் கட்ட நான் தயாரில்லை. ஆனால் பொறி இருந்ததால்தான், மற்ற நோய்களுக்கு மருந்தாகக் கொடுக்கும் வட்டிக் குறைப்பு கிடைக்காமல் போனது.

இதில் விலை வீழ்ச்சியின் பங்கைத் தனியாகச் சொல்கிறேன். ஒரு சிறு தொழிற்சாலை 10 கோடி யென் கடன் வைத்திருக்கிறது. அது செய்யும் பொருள் ஒன்றின் விலை 100 யென். கடனை அடைக்க 10 லட்சம் பொருள்கள் விற்க வேண்டும். விலை ஆண்டுக்கு ஒரு சதவீதம் இறங்குகிறது. ஐந்தாண்டு முடிவில் விலை ஏறத்தாழ 95 யென். இப்போது அதே கடனை அடைக்க 10 லட்சத்து 51 ஆயிரம் பொருள்கள் விற்க வேண்டும். வட்டி ஒரு யென்கூட வாங்கவில்லை என்றாலும், கடன் பொருள் கணக்கில் 5 சதவீதம் வளர்ந்துவிட்டது. பெயரளவு வட்டி பூஜ்யம். உண்மை வட்டி ஒரு சதவீதம். நோயில் கிடக்கும் பொருளாதாரத்துக்குத் தேவைப்படும் உண்மை வட்டி மைனஸ் இரண்டாக இருக்கும்போது, கிடைப்பது பிளஸ் ஒன்று. பூஜ்யத்தில் நிற்கும் வங்கியால் இந்த மூன்று புள்ளி இடைவெளியை வட்டியைக் கொண்டு மூட முடியாது. மேலும் மந்தம் ஆழமாக ஆக விலை இன்னும் வேகமாக இறங்கும். உண்மை வட்டி தானாகவே உயரும். யாரும் உயர்த்தாமலேயே வட்டி உயர்வது, அதுவும் மிகத் தவறான நேரத்தில் உயர்வது, இந்தப் பொறியின் கொடுமையான பகுதி.

அப்படியானால் வழி? 1998இலேயே பால் க்ருக்மன் ஜப்பானைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒன்று சொன்னார். இன்று பணத்தைப் பெருக்குவதால் மட்டும் பயனில்லை. பொருளாதாரம் எழுந்த பிறகும் அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க மாட்டார்கள், நாளை விலைகளை ஏறவே விடுவார்கள் என்று ஜனங்கள் நம்ப வேண்டும். நம்பினால் பணவீக்க எதிர்பார்ப்பு உயரும். பெயரளவு வட்டி பூஜ்யத்திலேயே இருக்க, உண்மை வட்டி மைனஸுக்குப் போகும். வாதம் இவ்வளவுதான். கேட்க எளிது. ஆனால் ஒரு மத்திய வங்கிக்கு இதைவிடக் கடினமான காரியம் கிடையாது. தலைமுறை தலைமுறையாக அது சேர்த்துவைத்த பெயரே பணவீக்கத்தை விடமாட்டேன் என்பதுதான். நல்ல காலம் வந்ததும் இவர்கள் வழக்கம்போலப் பணத்தை உறிஞ்சிவிடுவார்கள் என்று சந்தை எதிர்பார்த்தால், இன்று கொட்டிய 30 லட்சம் கோடியும் தற்காலிகமானது. தற்காலிகமான பணம் எவருடைய நாளைய கணக்கையும் மாற்றாது.

2006இல் நடந்தது இந்த ஐயத்தை மெய்ப்பித்தது. 2001இல் அளவுசார் தளர்வைத் தொடங்கும்போதே, புதுக் காய்கறி, பழம், மீன் நீங்கலான நுகர்வோர் விலைக் குறியீடு நிலையாகப் பூஜ்யத்துக்கோ அதற்கு மேலோ வரும்வரை தொடர்வோம் என்று ஜப்பான் வங்கி சொல்லியிருந்தது. இதனால் ஓரளவு பயன் இருந்தது. ஜப்பான் வங்கியின் ஹிரோஷி உகாய் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னதும் அதுவே: கணக்கில் குவிந்த பணத்தின் அளவைவிட, வட்டி இன்னும் பல காலம் பூஜ்யத்திலேயே இருக்கும் என்ற எதிர்பார்ப்புதான் நடுத்தர கால வட்டிகளைக் கீழே அழுத்தியது. ஆனால் அந்த நிபந்தனையின் உள்ளடக்கத்தைக் கவனியுங்கள். பூஜ்யம் வந்தால் போதும். இரண்டு சதவீதம்கூட வேண்டாம். ஏறும் விலையை அவர்கள் வாக்களிக்கவே இல்லை. இறங்காத விலையை மட்டும் வாக்களித்தார்கள்.

2006 தொடக்கத்தில் குறியீடு பூஜ்யத்துக்குச் சற்று மேலே, அரை சதவீதத்துக்கு வந்தது. மார்ச்சில் அளவுசார் தளர்வை முடித்தார்கள். அடுத்த சில மாதங்களிலேயே 30 லட்சம் கோடிக்கு மேல் இருந்த நடப்புக் கணக்கு இருப்பு ஏறத்தாழ 10 லட்சம் கோடியாக வற்றியது. ஜூலையில் வட்டி 0.25 ஆனது. அந்த ஆகஸ்டில் அரசின் புள்ளியியல் துறை குறியீட்டின் அடிப்படை ஆண்டை 2000லிருந்து 2005க்கு மாற்றிக் கணக்கிட்டபோது, பணவீக்கம் ஏறத்தாழ அரைப் புள்ளி கீழே இறங்கியது. எந்த ஏற்றத்தை நம்பி வெளியேறினார்களோ, அந்த ஏற்றம் பெரும்பாலும் புள்ளிவிவரத்தில் மட்டும் இருந்தது. பூஜ்யத்துக்கு மிக அருகில் இலக்கை வைத்தால் அளவையின் சிறு பிழைகூட நாட்டைத் திரும்பப் பள்ளத்தில் தள்ளிவிடும் என்பதை அதிலிருந்து நான் படித்துக்கொண்டேன்.

இங்கே நம் நாட்டைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதமாகவும் ரிவர்ஸ் ரெப்போவை 3.35 சதவீதமாகவும் இறக்கியது. நம் வங்கிகள் லட்சக்கணக்கான கோடி ரூபாயைக் கடனாகக் கொடுக்காமல் ரிசர்வ் வங்கியிடமே கொண்டுபோய் வைத்தன. இது நீர்மைப் பொறி என்று அப்போது சிலர் எழுதினார்கள். பணம் வங்கியில் தேங்கியது உண்மை. ஆனால் அந்தப் பணத்துக்கு 3.35 சதவீதம் வருமானம் இருந்தது. ரிசர்வ் வங்கி நினைத்தால் அந்த வட்டியை இன்னும் இறக்கித் தேக்கத்தைக் கலைத்திருக்கலாம். விலைவாசி ஏறிக்கொண்டிருந்ததால் உண்மை வட்டி மைனஸிலேயே இருந்தது. அது துணிவில்லாத வங்கிகளின் தேக்கம். இறக்க இடமே இல்லாத பொறி வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மருந்தும் தவறாகிவிடும்.

ஜப்பானுக்குத் திரும்புவோம். 2013 மார்ச்சில் ஹருஹிகோ குரோதா ஆளுநராக வந்ததும், க்ருக்மன் சொன்னதை ஏறக்குறைய அப்படியே செய்து பார்த்தார்கள். இரண்டாண்டில் 2 சதவீதப் பணவீக்கம், அதற்காக அடிப்படைப் பணம் இரண்டு மடங்கு என்று வெளிப்படையாக அறிவித்தார். பணம் சொன்னபடி இரட்டித்தது. யென் மதிப்பு இறங்கியது, பங்குகள் ஏறின, வேலையின்மை குறைந்தது. ஆனால் இரண்டாண்டு கழித்துப் பணவீக்கம் மீண்டும் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. இருபது ஆண்டுகள் விலை ஏறாத நாட்டில் வளர்ந்தவர்கள், தொழிற்சங்கங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஒரு ஆளுநரின் அறிவிப்பைக் கேட்டு மறுநாளே கூடுதல் சம்பளம் கேட்க மாட்டார்கள். 2016 ஜனவரியில் வட்டியை மைனஸ் 0.1க்குத் தள்ளினார்கள், செப்டம்பரில் பத்தாண்டுப் பத்திர வட்டியையே பூஜ்யத்தில் கட்டிவைத்தார்கள். வாக்குறுதி இப்போது உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் நம்பிக்கை என்பது சம்பளப் பேச்சுவார்த்தையிலும் கடைக்காரர் ஒட்டும் விலைச் சீட்டிலும் எழுதப்படும் பொருள். அது அங்கே வந்து சேர நாளாகிறது.

விலை ஏறியது 2022க்குப் பிறகுதான். உலகச் சந்தையில் எரிபொருளும் உணவும் விலையேறின, யென் சரிந்தது, இறக்குமதிச் செலவு கடைவரைக்கும் வந்தது. 2023 ஏப்ரலில் ஆளுநர் பொறுப்பேற்றவர், 2000 ஆகஸ்டில் வட்டி உயர்வை எதிர்த்து வாக்களித்த அதே கஸுவோ உவேதா. அவர் விலை உயர்வை மட்டும் பார்த்து அவசரப்படவில்லை. 2024 மார்ச்சில் வசந்த காலச் சம்பளப் பேச்சுவார்த்தையின் முதல் கணக்கு வந்தது. தொழிற்சங்கக் கூட்டமைப்பு ரெங்கோ அறிவித்த சராசரி உயர்வு 5.28 சதவீதம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காணாத அளவு அது. அதைப் பார்த்த பிறகுதான், மார்ச் 19இல், மைனஸ் வட்டியை முடித்தார்.

2024 ஜூலையில் வட்டி 0.25 ஆனது, 2025 ஜனவரியில் 0.5 ஆனது. 1990களின் மந்தத்தில் ஜப்பான் வங்கி ஐந்தரைப் புள்ளி குறைத்தது. 2007 செப்டம்பருக்கும் 2008 டிசம்பருக்கும் இடையே அமெரிக்க மத்திய வங்கி ஐந்து புள்ளி குறைத்தது. அப்படி ஒரு மந்தம் அப்போது மறுபடியும் வந்திருந்தால், அரை சதவீதத்தில் நின்ற வங்கியிடம் குறைப்பதற்கு அந்த அரை சதவீதம்தான் இருந்திருக்கும். மீதியை விலைகள் ஆண்டுக்கு 2 சதவீதம் ஏறும் என்ற எதிர்பார்ப்பிலிருந்து எடுக்க வேண்டியிருந்திருக்கும். அந்த எதிர்பார்ப்பு இறக்குமதி விலை இறங்கிய பிறகும் நிற்குமா, சம்பளங்கள் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே இருக்குமா என்பதைத்தான் டோக்கியோவில் இப்போது ஒவ்வொரு வசந்தத்திலும் கவனிக்கிறார்கள்.